பின்புலம் வெற்றிடம் அன்று

பழைய குடும்பப் புகைப்படம் ஒன்றைப் புதுப்பித்துத் தரும்படி ஸ்டூடியோவுக்கோ அச்சகத்து டிசைனரிடமோ எடுத்துச் செல்கிறவர்களுக்கு, சிவகாசி, விருதுநகர், சாத்தூர் என்று எந்த ஊருக்குப் போனாலும், இன்று ஏறக்குறைய ஒரே யோசனைதான் சொல்லப்படுகிறது. உருவங்களை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, கறையும் மடிப்பும் பூஞ்சைப் புள்ளியும் நிறைந்த பின்புலத்தை அடியோடு நீக்கிவிட்டு, அவ்விடத்தில் நீலமோ சாம்பலோ மங்கலாக இறங்கும் ஒரு புதிய நிறத்தை நிரப்பிவிடலாம் என்பதே அந்த யோசனை. "பின்னாடி இருக்கிறதை யாரு பார்க்கப் போறா அண்ணாச்சி? முகம் தெளிவா வந்தாப் போதும்ல?" என்று கேட்கும்போது, கேட்பவர் குரலில் வஞ்சகம் ஏதும் இல்லை. வேலையைச் சீக்கிரம் முடித்து, வந்தவரைத் திருப்தியாக அனுப்ப வேண்டும் என்ற நல்லெண்ணமே இருக்கிறது. படத்தைக் கொண்டுவந்தவரும் தலையை ஆட்டிவிடுகிறார். இரு தரப்பாரும் மனமொப்பி ஏற்றுக்கொண்டுவிட்ட காரணத்தாலேயே இந்த அபிப்பிராயம் மறுப்பாரின்றி வளர்ந்துவிட்டது. அதை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த அபிப்பிராயம் மூன்று கால்களில் நிற்கிறது. பின்புலத்தில் பார்க்கத்தக்கது எதுவும் இல்லை என்பது முதலாவது. கறை எது, படம் எது என்று பிரித்தறிய வழியில்லை என்பது இரண்டாவது. வழியிருந்தாலும் அதற்கு வேண்டிய காலமும் உழைப்பும் கட்டுப்படியாகா என்பது மூன்றாவது. மூன்றும் பொய் என்பதைப் பொதுப்படையாக வாதிப்பதைவிட, ஒரே ஒரு படத்தை எதிரில் வைத்துக்கொண்டு காட்டுவது மேல்.

சிவகாசி வட்டத்து எம். புதுப்பட்டியில் ஒரு வீட்டில் உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, முன்புறம் சரிந்தவாறு மாட்டப்பட்டிருந்த படம் அது. ஸ்டூடியோவில் எடுத்ததன்று. 1950களில், முக்காலியும் கறுப்புத் துணியுமாக ஊர் ஊராய் வந்துபோன புகைப்படக்காரர் ஒருவர், வீட்டு முற்றத்தில் கயிறு கட்டி, அதில் ஒரு வெளிர் நிறப் போர்வையைத் தொங்கவிட்டு எடுத்த படம். நாற்காலியில் ஒரு பெரியவர், பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி, முன்னால் இரண்டு குழந்தைகள். நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம் கொண்ட, அக்காலத்தார் 'ஹாஃப் பிளேட்' என்று வழங்கிய அளவு. ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, சட்டத்துக்குள் இறங்கிய நீர் இடது மேல்மூலையிலிருந்து பழுப்பாகப் பரவி, அந்த அம்மாளின் தோள்வரை வந்து நின்றிருந்தது. நோன்பு நாட்களில் கண்ணாடியின்மேல் இட்ட குங்குமம் விளிம்பு வழியே கசிந்து, மேற்புறத்தில் செந்நிறத் திட்டாய்ப் படிந்திருந்தது. படம் முழுவதும் கடுகு தூவியதுபோல் பூஞ்சைப் புள்ளிகள். குறுக்கே ஒரு மடிப்பு. போர்வையின்மேல் நெடுக்காகவும் குறுக்காகவும் மேலும் சில கோடுகள். வலது ஓரத்தில், போர்வை முடிந்த இடத்துக்கு அப்பால், கன்னங்கரேலென்று ஒரு திட்டு.

இந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் சொல்லக்கூடிய தீர்ப்பு, பின்புலம் முழுவதும் பாழ் என்பதே. அத்தீர்ப்பு எவ்வளவு தவறு என்பதைச் சொல்லுமுன், கறை எதனால் வருகிறது என்பதைச் சிறிது சொல்லியாக வேண்டும். கறையின் காரணத்தை அறியாமல் அதை நீக்கப் புகுவதனாலேயே இத்துறையில் பாதி அனர்த்தங்கள் நேர்கின்றன.

பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்பது, காகிதத்தின்மேல் பூசிய ஜெலட்டின் என்ற மெல்லிய பசைப்படலமும், அதற்குள் பதிந்துள்ள வெள்ளித் துகள்களுமே. உருவத்தைக் காட்டுவது வெள்ளி. அதைத் தாங்கி நிற்பது ஜெலட்டின். ஜெலட்டினோ விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. ஆகையால், காற்றில் ஈரம் மிகுந்து நிற்கும் மழைக்கால வாரங்களில் பூஞ்சைக்கு அது நல்ல உணவாகிறது. பூஞ்சை படர்ந்த இடத்தில் ஜெலட்டின் தன் உறுதியை இழந்து, நீர் பட்டாலே கரையக்கூடியதாகிவிடுகிறது. ஆதலின், ஸ்கேன் செய்யுமுன் ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்துவிடலாம் என்று எண்ணுபவர், கறையோடு அதன் அடியிலிருந்த வெள்ளியையும் துடைத்து எடுத்துவிடுவார். உலர்ந்த, மிக மென்மையான தூரிகையால், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லத் தட்டிவிடுவதற்கு மேல் அதில் கைவைக்கலாகாது. படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் உரிக்க முயல்வதும் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

இனி முதல் காலைப் பார்ப்போம். பின்புலத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்பவர்கள், ஸ்டூடியோப் படங்களில் தெரியும் தீட்டிய திரைகளையேனும் நினைத்துப் பார்க்க வேண்டும். கோவில்பட்டியில் தங்கிச் சிவகாசி அச்சகங்களின் நாட்காட்டிகளுக்குத் தெய்வப் படங்கள் எழுதிப் புகழ்பெற்ற சி. கொண்டையராஜு (1898–1976), நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அத்தகைய கைகள் எழுதிய மாடிப்படிகளும் தூண்களும் பூந்தொட்டிகளும்தான் நம் பாட்டன்மார் படங்களில் பின்னால் நிற்பவை. ஒரே ஊரில் எடுத்த இரு குடும்பங்களின் படங்களில் ஒரே திரை தெரியுமானால், அவை ஒரே ஸ்டூடியோவில் ஏறத்தாழ ஒரே காலத்தில் எடுத்தவை என்று ஊகிக்க அதைவிட எளிய ஆதாரம் வேறில்லை. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடித் திரட்டி ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறார்கள். முகம் மட்டுமே படம் என்றால், முகத்துக்குரியவர் பெயர்கூடத் தெரியாத அப்படங்களை அவர்கள் திரட்டுவானேன்?

திரை இல்லாத முற்றத்துப் படமாயின் பின்புலத்தின் மதிப்பு இன்னும் ஏறுகிறது. அங்கே தெரிவது எழுதிய மாளிகை அன்று, அவர்கள் வாழ்ந்த வீடே. புதுப்பட்டிப் படத்தில் வலது ஓரத்திலிருந்த அந்தக் கறுந்திட்டைப் பூஞ்சை என்றும், நீர்க்கறை என்றும், கழுவும்போது நேர்ந்த பிழை என்றும் பார்த்தவர் ஒவ்வொருவரும் சொன்னார்கள். அது இவற்றுள் எதுவும் அன்று. சுவரோரமாக அடுக்கி வைத்திருந்த, தீக்குச்சி அடுக்கும் மரச்சட்டங்கள்! கந்தக பூமி என்று இன்று ஊரார் சொல்லும் இந்த வட்டாரத்தில், வீட்டுத் திண்ணைகளிலேயே பெண்களும் குழந்தைகளும் குச்சி அடுக்கிய காலத்தின் சாட்சி அது. புகைப்படக்காரர் போர்வையை இன்னும் ஒரு முழம் நகர்த்திக் கட்டியிருந்தால் மறைந்தே போயிருக்கும். அவர் மறைக்காமல் விட்டதை நாம் அழிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

கறை எது, பொருள் எது என்று பிரிக்க வழியில்லை என்பாருக்கு விடை அந்தத் திட்டிலேயே இருக்கிறது. இது மதிநுட்பத்தாலோ கண்கூர்மையாலோ அறிந்த விஷயம் அன்று. ஸ்கேன் செய்த முறையாலேயே தானாகத் தெரியவந்தது. கறுப்பு வெள்ளைப் படந்தானே என்று பலரும் அதைக் கறுப்பு வெள்ளையாகவே ஸ்கேன் செய்கிறார்கள். அந்தக் கணத்திலேயே கறையும் பொருளும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன. பிறகு அவற்றைப் பிரிக்க வழியில்லை என்பது மெய்தான். ஆனால் அந்த வழியை அடைத்தவர்கள் அவர்களே. படம் கறுப்பு வெள்ளையாக இருக்கலாம், கறைக்கு நிறம் உண்டு. ஆகையால் வண்ணத்திலேயே, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், 48 பிட் ஆழத்தில், ஸ்கேனர் தானாகச் செய்யும் திருத்தங்கள் யாவற்றையும் நிறுத்திவிட்டு எடுத்து, TIFF கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஹாஃப் பிளேட் படம் ஒன்று இவ்வாறு எடுத்தால் ஒரு கோடிக்குச் சற்று அதிகமான புள்ளிகளோடு, 67 எம்.பி. அளவுக்கு வரும். இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டன்று.

அப்படி எடுத்த கோப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று தனித்தனிப் படங்களின் சேர்க்கை. ஃபோட்டோஷாப்பில் Channels பலகையைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்க்கலாம். மஞ்சளும் பழுப்பும் நீல ஒளியை விழுங்கிச் சிவப்பொளியைத் திருப்பி அனுப்பும் நிறங்கள். ஆதலால் நீலப் படத்தில் நீர்க்கறை கறுத்துத் தடித்துத் தோன்றும். சிவப்புப் படத்திலோ காகிதத்தோடு காகிதமாய் ஏறக்குறைய மறைந்துவிடும். குங்குமமும் சிவப்புப் படத்தில் அவ்வாறே வெளிறிவிடும். வெள்ளியால் ஆன உருவமோ மூன்றிலும் ஏறக்குறைய ஒரே கருமையோடு நிற்கும். புதுப்பட்டிப் படத்தின் சிவப்புப் பகுதியைத் தனியே திறந்தபோது, தோள்வரை வந்த பழுப்புக் கறை மெல்லிய நிழலாய்க் குன்றிவிட்டது. குங்குமத் திட்டு காணாமலே போயிற்று. வலது ஓரத்துக் கறுந்திட்டு மட்டும் அணுவளவும் அசையவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது அதற்குள் சட்டங்களின் குறுக்குக் கம்புகள் வரிசை வரிசையாய்த் தெரிந்தன. நீலத்தில் கறுத்துச் சிவப்பில் வெளிறுவது கறை. இரண்டிலும் ஒரேபடியாக நிற்பது வெள்ளி. கரும்பூஞ்சைக்கு மாத்திரம் இச்சோதனை செல்லாது. அதற்கு நிறமில்லாமையால் மூன்றிலும் அது கறுப்பாகவே நிற்கும்.

இங்கே ஒரு வரம்பையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எழுபது ஆண்டுகளில் படமே மங்கி, வெள்ளி மஞ்சளாய் மாறிப்போயிருந்தால், அந்த மங்கிய பகுதியின் உருவமும் சிவப்பில் கறையைப் போலவே மறையும். அத்தகைய படத்தில் எஞ்சியிருக்கும் விவரம் நீலப் பகுதியில்தான் கிடைக்கும். எனவே மூன்றையும் பார்த்து, முகத்தின் விவரம் எதில் குறையாமல் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளாமல் சிவப்பையே எடுத்துக்கொள்வது ஆபத்து. புதுப்பட்டிப் படம் நன்றாகக் கழுவப்பட்ட படமாதலால் அக்குறை அதற்கு இல்லை.

இந்த முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. நீர்க்கறை பின்புலத்தோடு நின்றுவிடவில்லை. அந்த அம்மாளின் தோளுக்குள்ளும் புகுந்திருந்தது. பின்புலத்தை மட்டும் வெட்டி மாற்றுகிறவர் கையில், தோளில் பாதிக் கறையும் அதன் எல்லையில் ஒரு கூரிய கோடும் எஞ்சும். அந்தக் கோடு கறையைவிட அதிகமாகக் கண்ணை உறுத்தும். சிவப்புப் பகுதியை எடுத்துக்கொண்டால், கறை உருவத்திலும் பின்புலத்திலும் ஒரே விகிதத்தில் ஒரே சமயத்தில் நீங்குகிறது. தூரிகை எதையும் தொடாமலே வேலையில் பெரும்பங்கு முடிந்துவிடுகிறது. Channel Mixer என்பதில் Monochrome என்பதைக் குறித்து, சிவப்பை நூறாகவும் மற்ற இரண்டையும் பூஜ்யமாகவும் வைத்தால் போதும். படத்தின் பழைய இளம்பழுப்புச் சாயலை விரும்புவோர், எல்லாம் முடிந்த பிறகு அதைச் சீராக மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

மடிப்புகளின் கதை இன்னும் சுவையானது. படத்தில் தெரிந்த கோடுகள் யாவும் காகித மடிப்புகள் என்றே கருதப்பட்டன. ஆனால் பெட்டியில் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்துத் தொங்கவிட்டால் அதிலும் மடிப்புத் தடம் நெடுக்காகவும் குறுக்காகவும் இருக்கத்தானே செய்யும்? அது போர்வையின் மடிப்பா, படத்தின் மடிப்பா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது எளிதன்று. இதற்கும் ஒரு சோதனை உண்டு. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்தே ஒளி வீசுவது வழக்கம். காகிதம் மேடிட்ட இடத்தில் விளக்கை நோக்கிய சரிவு பளிச்சென்றும், மறுசரிவு இருண்டும் பதியும். ஆகவே படத்தை ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, தலைகீழாகத் திருப்பி வைத்து மறுமுறையும் ஸ்கேன் செய்து, இரண்டாவதைக் கணினியில் நிமிர்த்தி, Auto-Align Layers கொண்டு முதலாவதன்மேல் பிசகாமல் பொருத்த வேண்டும். மேலடுக்கை Difference என்று மாற்றினால், இரண்டிலும் ஒன்றாக இருப்பவை யாவும் கறுத்துப்போகும். விளக்கின் திசையால் மாறியவை மட்டும் வெளிச்சக் கோடுகளாய் நிற்கும். புதுப்பட்டிப் படத்தில் அவ்வாறு நின்றது குறுக்கே ஓடிய ஒரே ஒரு கோடுதான். மற்றவை யாவும் போர்வையின் சொந்த மடிப்புகள்! அவற்றைக் காகித மடிப்பென்று எண்ணி வழித்துத் துடைத்திருந்தால், பின்னால் தொங்கியது துணி என்ற உண்மையே படத்திலிருந்து போயிருக்கும்.

அதே இரு ஸ்கேன்களும் மடிப்பை நீக்கவும் உதவுகின்றன. Difference என்பதைப் பழையபடி Normal ஆக்கி, மேலடுக்கின் அடர்த்தியைப் பாதியாக்கினால், ஒன்றின் வெளிச்சமும் மற்றதன் நிழலும் ஒன்றையொன்று தள்ளிக் கழிந்து, மேட்டின் தோற்றம் அடங்கிவிடும். எஞ்சுவது, ஜெலட்டின் வெடித்து உள்ளிருக்கும் வெண்மை தெரியும் மயிரிழை மட்டும். அதை மாத்திரமே கையால் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வாதம் காலத்தைப் பற்றியது. நாள் முழுதும் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்துக்கொண்டிருக்க யாரால் முடியும் என்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியையும் கையால் துடைக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? புள்ளிகளுக்கென்று Dust & Scratches என்ற வடிகட்டி இருக்கிறது. அதை மொத்தப் படத்தின்மேலும் ஓட்டிவிட்டுப் படம் மெழுகாகிவிட்டதே என்று வருந்துகிறவர்கள், அதிலுள்ள Threshold என்ற அளவைத் தொடாமலே விட்டவர்கள். படத்தின் நகல் அடுக்கு ஒன்றில், புள்ளியின் பாதியகலத்தைவிடச் சற்றுப் பெரிய Radius கொடுத்துப் புள்ளிகள் மறைந்ததும், Threshold அளவைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போனால், படத்தின் இயல்பான நுண்துகள் திரும்பி வரும் ஒரு நிலை தென்படும். அங்கே நிறுத்திவிட வேண்டும். பின்னர் அந்த அடுக்கை Lighten என்று வைத்தால், கரும்புள்ளிகள் மட்டும் வெளுத்து, மற்றவை தீண்டப்படாமல் இருக்கும். வெண்புள்ளிகளுக்கு Darken. அடுக்கின்மேல் கறுப்பு முகமூடி ஒன்றையிட்டு, பின்புலத்தில் வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்துவிட்டால், நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகள் சில நிமிஷங்களில் போய்விடும். முகத்தின்மீது இந்த அடுக்கைத் திறக்கவே கூடாது. கண்மணியின் ஒளிப்புள்ளியும் மூக்குத்தியும் வடிகட்டிக்குத் தூசியாகவே தெரியும்.

எஞ்சிய பெரும்புள்ளிகளுக்கு, படத்துக்கு மேல் வெற்று அடுக்கொன்றைப் புதிதாகத் திறந்து, Healing Brush கருவியில் Sample என்பதை Current & Below என்று வைத்து, புள்ளியைவிடச் சற்றே பெரிய தூரிகையால், ஒரு புள்ளிக்கு ஓர் அழுத்தம் என்ற கணக்கில் மூட வேண்டும். இழுத்துப் பூசலாகாது. மாதிரி எடுக்கும் இடம் போர்வையின் அதே மடிப்பில், அருகிலேயே இருக்க வேண்டும். அடிக்கடி மாற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். இக்கருவி மாதிரியிலிருந்து இழையையும், ஒட்டவேண்டிய இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்து வெளிச்சத்தையும் எடுத்துக் கலப்பது. அதனால்தான் திறந்தவெளியில் அது அற்புதமாக வேலை செய்கிறது. அதே காரணத்தால், கருங்கூந்தலின் ஓரத்திலோ சேலைக்கரையின் ஓரத்திலோ வைத்தால் பக்கத்துக் கருமையை இழுத்துக்கொண்டு வந்து மை தீற்றியதுபோல் அப்பிவிடுகிறது. அவ்வாறு தீற்றிப்போனதைப் பார்த்த பலர், ஓரங்களைச் சுத்தம் செய்வது முடியாத காரியம் என்று முடிவுகட்டி, வெட்டுகிற வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஓரங்களுக்கு உரியது Clone Stamp. கலக்காமல் அப்படியே நகலெடுப்பது அது. சிறிய தூரிகையாய், விளிம்பு மிருதுவாய் வைத்துக்கொண்டால் கூந்தலின் ஓரத்துப் புள்ளி கூந்தலைக் குலைக்காமலே மறையும்.

நீர்க்கறையின் கடைசி விளிம்பு, அதாவது நீர் வந்து நின்று காய்ந்த இடத்தில் படியும் இருண்ட வளையம், சிவப்புப் பகுதியிலும் சற்றுத் தெரியும். அதை நகலெடுத்து ஒட்டி மறைப்பவர் உண்டு. அது பிழை. கறைக்கு அடியில் போர்வையின் இழை கெடாமல் இருக்கிறது; குறைந்திருப்பது வெளிச்சம் மட்டுமே. Curves அடுக்கு ஒன்றை வைத்து, வளையத்தின் வடிவத்துக்கு முகமூடி வரைந்து, அவ்வளவுக்கு மட்டும் வெளிச்சத்தை ஏற்றினால், அடியிலிருக்கும் உண்மையான துணியே வெளிவந்துவிடுகிறது.

வேலை சரியாக முடிந்ததா என்று அறிய, எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves அடுக்கைப் போட்டு, அதன் கோட்டை மேலும் கீழுமாகப் பலமுறை செங்குத்தாய் வளைத்துவிட வேண்டும். படம் பார்க்கச் சகிக்காததாய் மாறும். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத திட்டுகளும், ஒரே மாதிரியை இருமுறை ஒட்டிய தடங்களும், வழவழத்துப்போன இடங்களும் அதில் தப்பாமல் வெளிப்படும். அவற்றைச் சரிசெய்தபின் அந்த அடுக்கை நீக்கிவிடலாம். வெட்டி ஒட்டிய படம் எதையேனும் இச்சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள்: உருவம் முழுவதும் நுண்துகள்கள் நெளிந்துகொண்டிருக்க, பின்புலம் துகளே இல்லாத தட்டையான பட்டைகளாய் நிற்கும். தலைமயிரின் பிசிறுகள் வட்டமாய்ச் செதுக்கப்பட்டிருக்கும். நாற்காலிக் காலின் அடியில் தரையில் விழுந்திருந்த நிழல் போயிருக்கும். அதனால் நான்கு பேரும் எதன்மேலும் நிற்காதவர்களாய் மிதப்பார்கள். பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாமற்போகலாம், ஆனால் ஏதோ ஒட்டவைத்த படம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவர் கதைதான்.

கறையும் சரித்திரமே, ஆகையால் எதையுமே தொடக்கூடாது என்று எதிர்ப்புறத்திலிருந்து வாதிடுவோரும் இருக்கிறார்கள். அவர்கள் கருதும் சரித்திரம் அசல் படத்திலும், கைபடாத முதல் TIFF கோப்பிலும் பத்திரமாக இருக்கிறது. கூரை ஒழுகியது அந்தக் குடும்பத்தின் சரித்திரந்தான், எனினும் அன்று முற்றத்தில் புகைப்படக்காரர் கண்ட காட்சியில் அது இல்லை. கறை நீக்கிய பிரதி ஒன்று சுவரில் தொங்குவதால் எந்தச் சாட்சியமும் அழிந்துவிடாது.

கடைசியாக, சரிசெய்யவே முடியாத இடம் ஒன்றும் புதுப்பட்டிப் படத்தில் இருந்தது. இடது மேல்மூலையில் பெருவிரல் நக அளவுக்குப் பூஞ்சை ஜெலட்டினை முழுவதும் தின்றுவிட்டிருந்தது. மூன்று நிறப் பகுதிகளிலும் அவ்விடம் வெறும் வெண்மை. அடியில் மீட்பதற்கு வெள்ளி இல்லை. போர்வையைக் கட்டிய கயிற்றின் ஒரு முனை அங்கேதான் எதிலோ முடிந்திருக்க வேண்டும். அது சுவர் ஆணியா, தூணா, வேப்பங்கிளையா என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை. கயிற்றை நீட்டி ஒரு தூணை வரைந்துவிடுவது கடினமான காரியமன்று; வரைந்தால் படம் முழுமையாய்த் தோன்றவும் செய்யும். வரையவில்லை. சுற்றியுள்ள சுவரின் சாம்பல் நிறத்தை, அதே நுண்துகளோடு, தனி அடுக்கு ஒன்றில் மெல்லப் பரப்பிக் கண்ணை உறுத்தாதவாறு செய்துவிட்டு, அந்த அடுக்குக்கு 'மூலையில் படம் இல்லை, நிரப்பியது' என்று பெயரிட்டு, அடுக்குகளைக் கலக்காமல் அப்படியே சேமித்து, முதல் ஸ்கேன்களோடு சேர்த்து அந்த வீட்டாரிடமே கொடுத்தாயிற்று.